அம்பாளும் ஆண்டாளும்: ஒரு பெயர் இன்னொரு பெயரோடு மோதும் இடம்

சென்னையில் மூக்குப்பொடி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரில் பொடி விற்ற நிறுவனம் ஒன்று இருந்தது. அம்பாளின் படம் போட்ட லேபிளையும் பெயரையும் அது வணிகக்குறியாகப் பதிவு செய்து வைத்திருந்தது. 1958இல் அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு மூக்குப்பொடி வியாபாரி, 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரும் ஆண்டாள் படமும் கொண்ட லேபிளைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். அம்பாள் நிறுவனத்தார் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

தமிழ் தெரிந்த யாருக்கும் இது வீண் சண்டையாகத்தான் தோன்றும். ஒருவர் சிவனின் துணைவி. மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து அரங்கனுக்கு மாலை சூட்டியவர். ஒருவரை மற்றவராக யார் எடுத்துக்கொள்வார்கள்? வணிகக்குறிப் பதிவாளரும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு உடன்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969இல் முடிந்தது. அங்கேயும் ஆண்டாள் லேபிளுக்கு இடம் கிடைக்கவில்லை.

நீதிபதிகள் சொன்ன காரணம், புதிதாகத் தொழில் தொடங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டு லேபிள்களும் பார்வைக்கு ஒன்றுபோல இல்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பெயரைக் கண் மட்டும் அளப்பதில்லை, காதும் அளக்கிறது என்றார்கள். கடையில் நின்று வாயால் கேட்டு வாங்கும் பொருளில் 'அம்பாள்', 'ஆண்டாள்' என்ற இரண்டு ஒலிகளும் மிக நெருங்கியவை. தென்னிந்திய இந்துக்களுக்கு இருவரும் வேறு வேறு தெய்வங்கள் என்பது தெரியலாம். ஆனால் அம்பாள் பொடியின் வாடிக்கையாளர்கள் அவர்கள் மட்டும் அல்ல. வாங்குபவர் மனத்தில் தங்குவது ஒரு பெயரின் ஓசையும், கருணை முகம் கொண்ட ஒரு தெய்வத்தின் மங்கலான படமும்தான். அவர் சைவ தெய்வமா வைணவ தெய்வமா என்ற நுட்பம் நினைவில் நிற்காது. யாராவது உண்மையிலேயே ஏமாந்தார்களா என்பதற்குச் சாட்சி எதுவும் வரவில்லை. ஆண்டாள் பொடி சந்தைக்கு வந்து அதிக நாள் ஆகாததும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நீதிமன்றம் அதையும் ஒதுக்கிவிட்டது.

ஆக, பெயர் மோதல் என்பது இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யும் விஷயம் அல்ல. முதல் பெயரை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் ஒருவர், சில நாள் கழித்து இரண்டாவது பெயரைக் கேட்டால் தடுமாறுவாரா என்பதே கேள்வி. உச்ச நீதிமன்றம் 1962இலேயே 'அம்ருத்தாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரண்டு மருந்துப் பெயர்களைப் பற்றி இதே வழியில் யோசித்தது. சொற்களைப் பிரித்துப் பொருள் சொன்னால் ஒன்று அமுத ஊற்று, இன்னொன்று லட்சுமணனின் ஊற்று. ஆனால் மருந்து வாங்க வரும் சாதாரண ஆள் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை, மொத்த ஓசையைத்தான் பிடித்துக்கொள்கிறார் என்றது தீர்ப்பு.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பெயரை எப்படிச் சோதிப்பது என்று பார்க்கலாம். ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க ஒரு தம்பதி திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஆட்டி, புட்டியில் அடைத்து விற்க வேண்டும். பெயர் 'பவழம்'. பாட்டியின் பெயரும் அதுதான். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகத் தொடங்கலாம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார்.

முதல் கதவு கம்பெனிப் பதிவகம். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில், ஒரு பெயரைத் தட்டி அதே பெயரில் கம்பெனியோ எல்.எல்.பி.யோ இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். அதன் பிறகு SPICe+ படிவத்தின் 'பகுதி ஏ'யில், விருப்ப வரிசைப்படி இரண்டு பெயர்கள் கொடுத்து 1,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். நாடு முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்களை ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையம் பரிசீலிக்கிறது. பெயர் ஏற்கப்பட்டால் 20 நாள் அது அவர்களுக்காக ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டும், அல்லது கூடுதல் கட்டணம் கட்டி அவகாசத்தை நீட்டிக்க வேண்டும்.

இங்கே 'ஒரே பெயர்' என்பதற்குச் சட்டம் தரும் பொருள் பலரும் நினைப்பதைவிட அகலமானது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 4ஆவது பிரிவும், கம்பெனி அமைப்பு விதிகளின் 8ஆவது விதியும் சேர்ந்து, எந்த மாற்றங்களைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்று பட்டியலிடுகின்றன. 'பவழம் ஆயில்ஸ்' என்று ஒரு கம்பெனி ஏற்கெனவே இருப்பதாகக் கொள்வோம். புதிதாக வருபவர் 'ஆயில்ஸ்' என்பதை 'ஆயில்' என்று ஒருமையாக்கினாலும் அது அதே பெயர்தான். முன்னால் 'தி' சேர்த்தாலும், சொற்களை முன்பின்னாக மாற்றினாலும், நடுவில் புள்ளியோ இடைவெளியோ விட்டாலும், கடைசியில் '.காம்' போட்டாலும் அதே பெயர்தான். 'பவழம் 24 ஆயில்ஸ்' என்று எண் சேர்த்தாலும் தப்பிக்க முடியாது. அந்த எண் தனியே ஒரு பிராண்டைக் குறித்தால் மட்டும் வேறு. பழைய பெயரில் ஊர் இல்லாதபோது, புதியவர் 'பவழம் ஈரோடு ஆயில்ஸ்' என்று ஊரைச் சேர்ப்பதும் பயன் தராது. வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதுவது, ஒலி மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றுவது, பெயர் முழுவதையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பது ஆகியவையும் பட்டியலில் உண்டு.

பெயர் நிராகரிக்கப்பட்டதும் பலரும் செய்யும் முதல் வேலை, இந்தப் பட்டியலில் உள்ள ஏதாவது ஒன்றைச் செய்து மறுபடி அனுப்புவதுதான். எண் சோதிடர் சொன்னபடி ஒரு 'a' கூட்டுவதும் இதில் சேரும். ஜாதகத்துக்கு அது வேறு பெயராக இருக்கலாம். விதிக்கு அது பழைய பெயரேதான். உண்மையில் பெயரை வேறாக்குவது, அதன் உயிர்ச்சொல்லோடு சேர்ந்து நினைவில் நிற்கக்கூடிய இன்னொரு சொல் மட்டுமே.

பவழம் தம்பதிக்குப் பெயர் ஏற்கப்பட்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். "பெயர் கிடைச்சாச்சு" என்று அச்சகத்துக்குப் போன் போடுகிறார்கள். கிடைத்தது கம்பெனிகளின் பட்டியலில் ஓர் இடம் மட்டுமே. எண்ணெய்ப் புட்டியின் மேல் 'பவழம்' என்று போட்டு விற்கும் உரிமை அதோடு வந்துவிடுவதில்லை. ஜி.எஸ்.டி. சான்றிதழில் வணிகப் பெயர் அச்சாகி வருவதும், உத்யம் பதிவில் பெயர் வருவதும் அப்படியே. அங்கே யார் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பதிவாகும், அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அந்த அலுவலகங்கள் பார்ப்பதில்லை. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்தாலும் பெயருக்கு மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

பொருளின் மேல் ஒட்டும் பெயரின் கணக்கு இருப்பது இரண்டாவது கதவுக்குப் பின்னால், அதாவது வணிகக்குறிப் பதிவகத்தில். மும்பை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத், சென்னை ஆகிய ஐந்து ஊர்களில் அதன் அலுவலகங்கள் உள்ளன. சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. ஆனால் தேடுவதற்கு அங்கே போக வேண்டியதில்லை, இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம்.

தேடத் தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். உலகத்துப் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. வகுப்பு எண்ணைக் கொடுக்காமல் பொதுத் தேடல் நடக்காது. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு. அதே தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தடவும் எண்ணெய் என்று விற்றால் அது அழகுப் பொருள்களோடு 3ஆம் வகுப்புக்குப் போய்விடும். அதே நல்லெண்ணெயைக் கோயில் விளக்குக்கான தீப எண்ணெய் என்று விற்றால், எரிபொருள்களும் மெழுகுவர்த்திகளும் இருக்கும் 4ஆம் வகுப்பு. சொந்தமாகக் கடை வைத்து மற்றவர்களின் பொருள்களையும் விற்றால் 35ஆம் வகுப்பு. ஒரே செக்கில் ஆட்டிய எண்ணெய் நான்கு இடங்களில் தேடச் சொல்கிறது. 29இல் மட்டும் பார்த்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் விற்க இறங்கியவர், 3ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பழைய உரிமையாளரைப் பார்த்திருக்கவே மாட்டார்.

அடுத்தது எழுத்து. தமிழ்ப் பெயரைத் தேடுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தமிழ் எழுத்தில் உள்ள குறிகளுக்கு விண்ணப்பதாரர்தான் ரோமன் எழுத்து வடிவத்தைத் தர வேண்டும், அதை எப்படி எழுதுவது என்பது அவரவர் விருப்பம். 'பவழம்' என்பதை ஒருவர் PAVAZHAM என்று எழுதியிருப்பார், இன்னொருவர் PAVALAM என்று. வடக்கிலிருந்து வந்து இங்கே தொழில் நடத்துபவர் BAVALAM என்றுகூட எழுதியிருக்கலாம். போதாததற்குத் தமிழிலேயே 'பவழம்', 'பவளம்' என்று இரண்டு வழக்குகள் உண்டு. 'Match With' என்ற தெரிவில் PAVAZHAM என்று மட்டும் தட்டினால் அந்த ஒரு வடிவம்தான் வரும். பட்டியல் காலியாக வந்தால் பெயர் காலியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அனுபவமுள்ளவர்கள் முழுச் சொல்லைத் தேடுவதோடு நிறுத்துவதில்லை, அதன் துண்டுகளையும் தேடுகிறார்கள். 'Start With' தெரிவில் PAVA என்று கொடுத்தால் ழகரம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் அந்தப் பெயர்கள் வரிசையில் வந்து நிற்கும். 'Contains' தெரிவில் VALAM, VAZHAM என்று இரண்டு முறை தேடினால், முன்னால் 'ஸ்ரீ', 'நியூ', 'கோல்டு' என்று ஏதாவது சேர்ந்த பெயர்களும், 'ப'வை B என்று எழுதிய பெயர்களும் சிக்கும். பிறகு ஒலித் தேடல் என்ற 'Phonetic' தெரிவு. இது நல்ல கருவிதான், ஆனால் ரோமன் எழுத்தை வைத்துக் கணக்கிடும் கருவிக்குத் தமிழின் ழ, ள, ல வேறுபாடு புரியும் என்று நம்பி இதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. கடைசியாகப் பொருளையும் தேட வேண்டும். பவழத்துக்கு ஆங்கிலத்தில் CORAL. எண்ணெயில் அந்தப் பெயர் இருந்தால் அதுவும் கவனத்துக்குரியது. பெயரோடு படமும் போடப் போகிறவர்கள், படத்தில் உள்ள உருவங்களை எண்களால் வகைப்படுத்தும் 'Vienna Code' தேடலையும் செய்ய வேண்டும். அம்பாள் வழக்கில் தெய்வத்தின் படமும் கணக்கில் வந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தேடலில் ஒரு பெயர் வந்துவிட்டால், அதன் பக்கத்தில் உள்ள நிலையைப் படிக்கத் தெரிய வேண்டும். 'Registered' என்றால் விஷயம் தெளிவு. 'Objected' என்றால் பதிவகமே கேள்வி எழுப்பியிருக்கிறது. 'Opposed' என்றால் மூன்றாம் நபர் ஒருவர் எதிர்க்கிறார். ஏற்கப்பட்ட குறிகள் பதிவகத்தின் வார இதழில் வெளியாகும், அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். இந்த நிலைகளில் உள்ள பெயர்கள் பதிவாகவில்லை என்றாலும், வரிசையில் முன்னால் நிற்பவை. பதிவான குறியோ விண்ணப்ப நிலையில் உள்ள குறியோ இருந்தால், உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அதைக் கம்பெனிப் பெயராகவும் வைக்க முடியாது என்று கம்பெனி விதிகளும் சொல்கின்றன.

அதிகம் ஏமாற்றுபவை 'Abandoned', 'Removed' என்ற இரண்டு நிலைகள். கைவிடப்பட்டது என்பது விண்ணப்பம் கைவிடப்பட்டதைத்தான் சொல்கிறது. ஒரு கடிதத்துக்குக் குறித்த காலத்தில் பதில் போடாவிட்டாலும் இந்த நிலை வரும். அந்த ஆள் இன்றைக்கும் திருச்சியில் அதே பெயரில் எண்ணெய் விற்றுக்கொண்டிருக்கலாம். 'Removed' பெரும்பாலும் புதுப்பிக்காமல் விட்டதால் வருவது. வணிகக்குறியின் ஆயுள் பத்தாண்டு, பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் நீக்கப்பட்ட குறியும், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு வரை, மற்றவர் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை பதிவேட்டில் இருப்பதாகவே கருதப்படும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது உண்மையாகப் பயன்படுத்தப்படவே இல்லை என்பது போன்ற காரணம் இருந்தால்தான் விலக்கு.

வகுப்பு வேறாக இருந்தால் மோதலே இல்லை என்று நினைப்பதும் தவறு. வகுப்பு பதிவகத்தின் வசதிக்காகப் போட்ட அலமாரி, அவ்வளவுதான். வாங்குபவர் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளை இயல்பாக நினைப்பாரா என்பதே முக்கியம். 'குளுக்கோவிட்டா' என்ற குளுக்கோஸ் பொடிக்கும் 'குளுவிட்டா' என்ற பிஸ்கட்டுக்கும் நடந்த வழக்கில், 1959இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் யோசித்தது. பிஸ்கட் செய்யக் குளுக்கோஸ் பயன்படுகிறது. அந்தப் பொடியைச் செய்பவர்தான் இந்த பிஸ்கட்டையும் செய்கிறார் என்று மக்கள் நினைக்க இடம் இருக்கிறது. அதனால் குளுவிட்டாவுக்குப் பதிவு கிடைக்கவில்லை. பெயர் மிகப் புகழ்பெற்றதாக இருந்தால் தொழில் தூரமாக இருந்தாலும் போதாது. குஜராத்தில் 'மஹேந்திர & மஹேந்திர பேப்பர் மில்ஸ்' என்று காகிதத் தொழில் நடத்திய கம்பெனியை, ஜீப்பும் டிராக்டரும் செய்யும் மஹிந்திரா & மஹிந்திரா நீதிமன்றத்துக்கு இழுத்தது. பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இரண்டு கதவுகளையும் தாண்டிய பிறகு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்குக் கதவே இல்லை, பட்டியலும் இல்லை. அது சந்தை. எங்கேயும் பதிவு செய்யாமல், ஒரு பெயரில் பல ஆண்டுகள் நேர்மையாக வியாபாரம் செய்தவருக்கும் அந்தப் பெயரில் உரிமை உண்டு.

அகமதாபாத்தில் 1982 முதல் 'முக்தஜீவன்' என்ற பெயரில் ஒருவர் வண்ணப் புகைப்பட நிலையம் நடத்திவந்தார். அதே நகரில் வேறு பெயரில் ஸ்டூடியோ நடத்திய இன்னொருவர் தன் கடைக்கும் 'முக்தஜீவன்' என்று பெயர் மாற்ற முற்பட்டார். முதலாமவரின் உதவிக்குப் பதிவுச் சான்றிதழ் வரவில்லை, அத்தனை ஆண்டு வியாபாரம்தான் வந்தது. கீழ் நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை தர மறுத்தும், உச்ச நீதிமன்றம் 2001இல் அவர் பக்கம் நின்றது. ஒருவர் சம்பாதித்த நற்பெயரின் மேல் ஏறி இன்னொருவர் வியாபாரம் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம்.

பதிவுக்கும் பயன்பாட்டுக்கும் நேரடிப் போட்டி வந்தால்கூட முதலில் சந்தைக்கு வந்தவர் ஜெயிக்கலாம். மயக்க மருந்து ஒன்றின் பெயரை வைத்து நடந்த 'ரோஃபால்', 'புரோஃபால்' வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ரோஃபால் என்ற பெயருக்கு 1992இலேயே விண்ணப்பம் போடப்பட்டது, ஆனால் மருந்து சந்தைக்கு வந்தது 2004இல். புரோஃபால் 1998 முதலே விற்பனையில் இருந்தது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு ஆண்டு சும்மா இருந்தவரைவிட, சந்தையில் முதலில் நின்றவருக்கே 2015இல் உச்ச நீதிமன்றம் முன்னுரிமை கொடுத்தது.

ஆகவே பவழம் தம்பதி செய்ய வேண்டிய கடைசி வேலை கணினியை மூடிவிட்டுச் செய்ய வேண்டியது. எண்ணெய்ப் புட்டிகள் விற்கும் மளிகை மொத்தக் கடைகளில் கேட்க வேண்டும். புட்டி, மூடி, லேபிள் சப்ளை செய்பவர்களுக்கு எந்த ஊரில் எந்தப் பெயரில் எண்ணெய் ஓடுகிறது என்பது தெரியும். இணையக் கடைகளிலும், வரைபடச் செயலியிலும், இன்ஸ்டாகிராமிலும் எல்லா எழுத்து வடிவங்களிலும் தேட வேண்டும். இணைய முகவரியும் இப்போது பெயரின் பகுதிதான். 'சிஃபி' என்ற பெயரோடு ஒலியில் ஒத்த 'சிஃபிநெட்' என்ற இணைய முகவரியைப் பற்றிய வழக்கில், இணைய முகவரிக்கும் வணிகக்குறி போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேடும்போது எந்தப் பெயர் எப்போதிலிருந்து புழங்குகிறது என்று தேதியையும் குறித்துக்கொள்வது நல்லது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

இவ்வளவும் படித்த பிறகு, ஒத்த பெயர் ஒன்றைப் பார்த்தாலே ஓடிவிட வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' பால் 1985 முதல் விற்பனையில் இருக்கிறது. பெங்களூரில் 1989இல் 'நந்தினி டீலக்ஸ்' என்ற உணவகம் தொடங்கியது, பிறகு கிளைகளும் பெருகின. உணவகக்காரர் தன் குறியைப் பதிவு செய்யப் போனபோது பால் கூட்டமைப்பு எதிர்த்தது. உணவுப் பொருள்களுக்கான அதே வகுப்புகள், ஒரே ஒலி. ஆனாலும் 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்துக்குப் பதிவைத் தந்தது. நந்தினி என்பது புராணத்தில் வரும் தெய்வப் பசுவின் பெயர், பால் கூட்டமைப்பு புதிதாக உருவாக்கிய சொல் அல்ல. ஒருவர் விற்பது பால் பொருள்கள், மற்றவர் நடத்துவது உணவகம். எழுத்தின் அமைப்பும், கூடவே உள்ள விளக்குப் படமும் வேறு. பாலும் பால் பொருள்களும் மட்டும் உணவகக்காரரின் பட்டியலில் இருக்கக் கூடாது.

அம்பாள் தோற்கடித்த ஆண்டாளையும், பாலோடு சேர்ந்து வாழ அனுமதி பெற்ற நந்தினியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். முதல் வழக்கில் இரண்டுமே மூக்குப்பொடி. இரண்டாவதில் பொருளும் வாங்கும் இடமும் வேறு. கூடவே சேரும் சொல் எப்போது காப்பாற்றும் என்பதற்கும் இதுவே அளவு. 'ரினெய்சன்ஸ்' என்ற உலக ஓட்டல் நிறுவனத்தின் பெயரின் முன்னால் 'சாய்' சேர்த்து, 'சாய் ரினெய்சன்ஸ்' என்று பெங்களூரிலும் புட்டபர்த்தியிலும் ஓட்டல் நடத்தியவர்களுக்கு 2022இல் தடை விதிக்கப்பட்டது. பக்திச் சொல் முன்னால் வந்தாலும், பின்னால் நிற்கும் பெயரும் தொழிலும் ஒன்றேயாக இருந்தன.

பவழத்தைப் போன்ற, எல்லோருக்கும் பொதுவான சொல்லுக்கும் இதனால் ஓர் அனுகூலமும் ஒரு குறையும் உண்டு. வேறு தொழிலில் பவழம் இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய பெயருக்கும் பாதுகாப்பு அந்த அளவுக்கு ஒடுங்கியதாகவே இருக்கும். பொருளை நேராகச் சொல்லும் 'மரச்செக்கு' என்பது போன்ற சொல்லுக்கோ, எண்ணெயில் யாரும் தனியுரிமை கேட்கவே முடியாது. அகராதியில் இல்லாத, தானே உருவாக்கிய சொல்தான் பிறர் பெயரோடு மோதும் வாய்ப்புக் குறைந்தது, பிறரைத் தடுக்கும் வலுவும் அதிகம். தேடி முடித்ததும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடக் கூடாது. தனிநபரும் சிறு தொழில் நிறுவனமும் இணையத்தில் வணிகக்குறிக்கு விண்ணப்பித்தால், ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய்.

சோதிக்காமல் பதிவு செய்தவர்களின் கதி என்ன? மற்றொரு கம்பெனியின் பெயரையோ, பதிவான வணிகக்குறியையோ நெருக்கமாக ஒத்த பெயரில் ஒரு கம்பெனி பதிவாகிவிட்டால், கம்பெனிகள் சட்டத்தின் 16ஆவது பிரிவு குறுக்கே வரும். வணிகக்குறி உரிமையாளர் மூன்று ஆண்டுக்குள் மண்டல இயக்குநரிடம் முறையிடலாம். அவர் பெயரை மாற்றச் சொன்னால் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். புட்டியின் லேபிள், பெட்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி., கடைப் பலகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாற வேண்டும். சில ஆண்டுகளாக ஓடிய வியாபாரத்தில், வாடிக்கையாளர் நினைவில் இருக்கும் பெயரும் போய்விடும்.

மூன்று மாதத்திலும் மாற்றாமல் விட்டால், 2021இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி அரசே ஒரு பெயரை வைத்துவிடும். பாட்டியின் பெயர் இருந்த இடத்தில் ORDNC என்ற ஐந்து எழுத்து வரும். மண்டல இயக்குநரின் ஆணைக்குக் கீழ்ப்படியாதது என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதை அடுத்து ஆணை வந்த ஆண்டு, ஒரு வரிசை எண், பிறகு கம்பெனியின் 21 எழுத்து அடையாள எண். தானாகப் பெயர் மாற்றிக்கொள்ளும் வரை, பதிவேட்டில் அந்தக் கம்பெனி அந்தப் பெயரில்தான் இருக்கும்.